விரிவாக்கும் உரிமையின் விலை: ஒரு நூற்பாலைக் கணக்கு

கொங்கு வட்டாரத்தில் புதிதாக ஒரு நூற்பாலை கட்டத் திட்டமிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலீடு 105 கோடி ரூபாய். கட்டி முடித்து இயந்திரங்களை நிறுவ இரண்டு ஆண்டுகள் ஆகும். அதன் பிறகுதான் நூல் விற்ற பணம் கைக்கு வரும். அந்த வருமானம் முழுவதையும், இத்தகைய தொழிலில் பணம் போடுபவர் எதிர்பார்க்கும் 12 சதவீத வீதத்தில் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 100 கோடி நிற்கிறது. ஆக, நிகர இன்றைய மதிப்பு கழித்தல் 5 கோடி. வழக்கமான பாடத்தின்படி திட்டம் இங்கேயே கைவிடப்பட வேண்டும்.

ஆனால் ஆலைக்காரர்கள் இன்னொன்றையும் யோசித்திருக்கிறார்கள். கொட்டகையைச் சற்று அகலமாகப் போட்டு, பக்கத்து நிலத்தையும் வாங்கி, மின் இணைப்பைக் கூடுதல் பளுவுக்குத் தகுந்தபடி எடுத்துவிட்டால், இரண்டாம் ஆண்டின் முடிவில் மேலும் 55 கோடி போட்டுக் கதிர்களின் எண்ணிக்கையைப் பாதியளவு கூட்டலாம். அப்போது ஆலையின் மதிப்பும் ஒன்றரை மடங்காகும். சந்தை நன்றாக இருந்தால் கூட்டுவார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள். கட்டாயம் எதுவும் இல்லை. இந்த முன்னேற்பாடுகளுக்கு இன்றே 3 கோடி கூடுதலாகச் செலவாகும். அந்த 3 கோடியைப் போடலாமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் அமைத்தவை.

கேள்வி சிறியதாகத் தெரிந்தாலும், 1977-இல் ஸ்டூவர்ட் மையர்ஸ் சுட்டிக்காட்டிய ஒரு பெரிய விஷயத்தின் மையத்தில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் மதிப்பில் ஒரு பகுதி, அது இன்று வைத்திருக்கும் சொத்திலிருந்து வருவதில்லை. நாளை முதலீடு செய்யலாம் அல்லது செய்யாமல் விடலாம் என்ற உரிமையிலிருந்து வருகிறது. பங்குச் சந்தையில் விற்கப்படும் வாங்கும் உரிமை, அதாவது கால் ஆப்ஷன், போன்றதே இது. நம் ஆலையிடம் இருப்பது, ‘ஆலை மதிப்பில் பாதி’ என்ற ஒரு பொருளை, இரண்டு ஆண்டுகள் கழித்து, 55 கோடிக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை.

முதலில் ஓர் ஒப்பீடு. விரிவாக்கத்தை இன்றே உறுதி செய்து ஒப்பந்தம் போட்டுவிட்டால் என்ன ஆகும்? 100 கோடியில் பாதி 50 கோடி. இரண்டு ஆண்டு கழித்துக் கட்டாயம் தரவேண்டிய 55 கோடியை, ஆபத்தில்லாத அரசுப் பத்திர வட்டி 6 சதவீதம் என்று வைத்துக் கழித்தால் இன்று 48.95 கோடி. மிச்சம் 1.05 கோடி. மொத்தத் திட்டம் இன்னும் கழித்தல் 3.95 கோடியில்தான் நிற்கிறது. அதில் முன்னேற்பாட்டுச் செலவைச் சேர்க்கவே இல்லை. கட்டாயமாக விரிவாக்குவதில் பெரிய லாபம் இல்லை. வேண்டாமென்று விலகும் சுதந்திரத்துக்கு என்ன மதிப்பு என்பதைத்தான் தனியே அளக்க வேண்டும்.

அதற்கான மிக எளிய கருவி ஈருறுப்பு மரம். ஜான் காக்ஸ், ஸ்டீபன் ராஸ், மார்க் ரூபின்ஸ்டீன் மூவரும் 1979-இல் வெளியிட்ட கட்டுரையால் அது பரவலானது. ஒவ்வொரு காலப் படியிலும் மதிப்பு ஒரே ஒரு மடங்கில் ஏறும், அல்லது ஒரே ஒரு மடங்கில் இறங்கும். வேறு வழியே கிடையாது என்று வைத்துக்கொள்கிறது இந்த முறை.

நூல் தேவை ஓர் ஆண்டில் ஒன்று 10 சதவீதம் கூடுகிறது, அல்லது 8 சதவீதம் குறைகிறது என்போம். ஆலையின் மதிப்பு அதே அளவில் ஆடாது. கூலியும் மின்சாரத்தின் நிலைக் கட்டணமும் பராமரிப்பும் தேவை குறைந்தாலும் குறைவதில்லை. ஆகவே விற்பனையில் சிறிய ஆட்டம் லாபத்தில் பெரிய ஆட்டமாகிறது. தேவை 10 சதவீதம் கூடினால் ஆலையின் மதிப்பு 25 சதவீதம் கூடும், 8 சதவீதம் குறைந்தால் மதிப்பு 20 சதவீதம் குறையும் என்று எடுத்துக்கொள்கிறேன். அதாவது ஏறும் மடங்கு u = 1.25, இறங்கும் மடங்கு d = 0.80. ஏறி இறங்கினாலும் இறங்கி ஏறினாலும் 100 கோடிக்கே திரும்பி வரும்படி இரண்டும் அமைந்திருக்கின்றன.

```
இன்று      ஆண்டு 1     ஆண்டு 2
                       156.25
           125
100                    100
           80
                       64
```

இரண்டாம் ஆண்டின் மூன்று முனைகளிலும் ஆலைக்காரர் என்ன செய்வார்? தேவை இரண்டு முறையும் ஏறியிருந்தால் மதிப்பு 156.25 கோடி, அதில் பாதி 78.125, செலவு 55 போக 23.125 கோடி லாபம். விரிவாக்குவார். நடு முனையில் பாதி என்பது 50 கோடி, செலவு 55. விட்டுவிடுவார். கீழ் முனையில் பேச்சே இல்லை. ஆக, உரிமை மூன்று முனைகளில் ஒன்றில் மட்டுமே 23.125 கோடி தருகிறது, மற்ற இரண்டில் பூஜ்யம்.

இனி இன்றைய மதிப்பு. இங்கேதான் பெரும்பாலான திட்ட அறிக்கைகள் வழி தவறுகின்றன. ‘தேவை ஏறுவதற்கு எவ்வளவு வாய்ப்பு?’ என்று விற்பனைப் பிரிவைக் கேட்டு, அந்த வாய்ப்பால் பெருக்கி, நிறுவனத்தின் வழக்கமான 12 சதவீதத்தில் கழித்து எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் என்ன வருகிறது என்று பார்ப்போம். ஆலையின் மதிப்பு சராசரியாக ஆண்டுக்கு 12 சதவீதம் வளர வேண்டுமானால் ஏறும் வாய்ப்பு 0.711 ஆக இருக்க வேண்டும்: 125-ஐ 0.711-ஆலும் 80-ஐ 0.289-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 112. இரண்டு முறை ஏறும் வாய்ப்பு 0.506. அதை 23.125-ஆல் பெருக்கினால் 11.69; 12 சதவீதத்தில் இரண்டு ஆண்டு கழித்தால் 9.32 கோடி. கழித்தல் 5, கழித்தல் 3, கூட்டல் 9.32: திட்டம் 1.32 கோடி லாபம். கட்டலாம் என்று அறிக்கை சொல்லும்.

அந்த அறிக்கை தவறு. ஏன் என்று காண, அதே பலனைச் சந்தையில் வேறு வழியில் உருவாக்கிப் பார்க்க வேண்டும். இந்த ஆலையைப் போலவே ஏறி இறங்கும் ஒரு பங்கு சந்தையில் கிடைக்கிறது, 6 சதவீத வட்டிக்குக் கடனும் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாம் ஆண்டு முடிந்து மதிப்பு 125-இல் நிற்கிறது. அடுத்த ஆண்டு 156.25 ஆனால் நமக்கு 23.125 வேண்டும், 100 ஆனால் பூஜ்யம் வேண்டும். பலன்களின் இடைவெளி 23.125, மதிப்புகளின் இடைவெளி 56.25. ஒன்றை மற்றதால் வகுத்தால் 0.411. ஆலையில் 0.411 பங்கை வாங்கினால் 51.39 கோடி ஆகும். அதில் 38.78 கோடியைக் கடனாக வாங்குகிறோம். ஆண்டு முடிவில் வட்டியோடு 41.11 கோடி திருப்ப வேண்டும். மதிப்பு 100 ஆனால் நம் பங்கு சரியாக 41.11 கோடி, கடனைக் கட்டியதும் மிச்சம் பூஜ்யம். 156.25 ஆனால் பங்கு 64.24 கோடி, கடன் போக 23.13. விரிவாக்க உரிமை தருவதை இது அப்படியே தருகிறது. நம் கையிலிருந்து போட்டது 51.39-இலிருந்து 38.78 போக 12.60 கோடி.

ஒரே பலனைத் தரும் இரண்டு பொருள்களுக்கு இரு விலை நிலைக்காது. மலிந்ததை வாங்கி விலை கூடியதை விற்றுச் சும்மா பணம் எடுப்பவர்கள் அதை நிலைக்க விடமாட்டார்கள். ஆகவே அந்த முனையில் உரிமையின் மதிப்பு 12.60 கோடி. இதே வேலையை ஒரு படி பின்னால் செய்தால், இன்று ஆலையில் 0.28 பங்கு, அதாவது 28.01 கோடி; கடன் 21.14 கோடி, வித்தியாசம் 6.87 கோடி. விரிவாக்கும் உரிமையின் இன்றைய மதிப்பு இதுதான். கழித்தல் 5, கழித்தல் 3, கூட்டல் 6.87: திட்டம் 1.13 கோடி நஷ்டம். முன்னது கட்டச் சொன்னது, பின்னது வேண்டாம் என்கிறது.

மேலே செய்த கணக்கில் தேவை ஏறும் வாய்ப்பு எங்கேயுமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விற்பனைப் பிரிவு 0.6 என்றாலும் 0.8 என்றாலும், ஆலையின் இன்றைய மதிப்பு 100 என்று ஒப்புக்கொண்டுவிட்டால், பங்கையும் கடனையும் கலக்கும் அளவு மாறாது. வாய்ப்பு பற்றிய கருத்து ஏற்கெனவே அந்த 100-க்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதை மறுபடி ஒருமுறை பெருக்குவது இரட்டைக் கணக்கு.

பங்கும் கடனும் கலக்கும் வேலையை ஒவ்வொரு முனையிலும் திரும்பத் திரும்பச் செய்யாமலிருக்க ஒரு குறுக்கு வழி உண்டு. அதுதான் இடர்-நடுநிலை நிகழ்தகவு.

```
p = (1 + r − d) / (u − d) = (1.06 − 0.80) / (1.25 − 0.80) = 0.578
```

இந்த 0.578-ஐ ஏறும் வாய்ப்பு போலப் பயன்படுத்தி, 6 சதவீதத்தில் கழித்தால் அதே விடை வருகிறது: 0.578-இன் வர்க்கம் 0.334, பெருக்கல் 23.125 என்றால் 7.72, இரண்டு ஆண்டு கழித்தால் 6.87. இந்தப் பெயர் பலரைக் குழப்புகிறது. ஆலைக்காரர் ஆபத்தைப் பற்றிக் கவலைப்படாதவர் என்று இது சொல்லவில்லை. தேவை ஏற 57.8 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்றும் சொல்லவில்லை. மேல்முனையில் கிடைக்கும் ஒரு ரூபாய்க்குச் சந்தை இன்று தரும் விலையை, வட்டியை நீக்கி எழுதினால் கிடைப்பது இந்த எண். நல்ல காலத்தில் கிடைக்கும் ரூபாய்க்கு மவுசு குறைவு, கெட்ட காலத்தில் கிடைக்கும் ரூபாய்க்கு மவுசு அதிகம். அதனால்தான் உண்மையான 0.711 இங்கே 0.578 ஆகத் தாழ்கிறது. ஆபத்துக்கான ஈடு அந்தத் தாழ்வுக்குள்ளேயே வந்துவிட்டதால், கழிக்கும் வீதத்தில் மறுபடி சேர்க்கத் தேவையில்லை.

ஆலையை மட்டும் மதிப்பிட்டால் இரண்டு வழியும் 100 கோடியையே தருகின்றன. 0.711-உம் 12 சதவீதமும் சேர்ந்தால் 112-ஐ 1.12-ஆல் வகுத்து 100. 0.578-உம் 6 சதவீதமும் சேர்ந்தால் 106-ஐ 1.06-ஆல் வகுத்து 100. உரிமைக்கு வந்தவுடன் ஏன் பிரிகின்றன? உரிமை என்பது கடன் வாங்கி வாங்கிய பங்கு. 6.87 கோடி கைப்பணத்தில் 28.01 கோடிப் பங்கைத் தாங்கி நிற்கிறது, ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆலையின் ஆபத்துக்கான கூடுதல் வருமானம் 6 சதவீதம் என்றால், உரிமைக்கு அது 24 சதவீதத்தைத் தாண்டும். ஆக உரிமையைக் கழிக்க வேண்டிய சரியான வீதம் 12 அல்ல, சுமார் 30.5 சதவீதம். உண்மையான வாய்ப்போடு வந்த 11.69 கோடியை 30.5 சதவீதத்தில் இரண்டு ஆண்டு கழித்துப் பாருங்கள், 6.87 வந்துவிடும். உண்மையான வாய்ப்புகளைப் பயன்படுத்துவதே தவறு என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. அவற்றோடு எந்த வீதத்தைச் சேர்ப்பது என்பதை மரத்தைத் தீர்க்காமல் முன்கூட்டி அறிய முடியாது என்பதுதான் சிக்கல். முனைகள் கூடினால் அந்த வீதம் முனைக்கு முனை மாறவும் செய்யும். இடர்-நடுநிலை வழி அந்தத் தலைவலியைத் தவிர்க்கிறது.

இன்னொரு தவறு இதைவிட நுட்பமானது. வாய்பாட்டை மனப்பாடமாக வைத்திருப்பவர்களே அதில் சிக்குகிறார்கள். மரத்தை ஆலையின் மதிப்புக்குப் போடாமல் நேரடியாக நூல் தேவைக்குப் போடுகிறார்கள்: ஏறும் மடங்கு 1.10, இறங்கும் மடங்கு 0.92. அவற்றை அதே வாய்பாட்டில் போட்டால் 0.14-ஐ 0.18-ஆல் வகுத்து 0.778. எண் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதைக் கொண்டு மதிப்பிட்டால் உரிமை 12.45 கோடி என்று வரும், ஏறத்தாழ இரட்டிப்பு. காரணம், தேவை என்பது விலைக்கு வாங்கி வைத்திருக்கக்கூடிய சொத்து அல்ல. சொத்துதான், ஆபத்தை நீக்கிப் பார்த்தால், வட்டி வீதத்தில் வளர வேண்டும் என்ற விதிக்குக் கட்டுப்பட்டது. டன் கணக்கில் அளக்கும் தேவைக்கு அந்த விதி பொருந்தாது. தேவை ஏறுவதும் ஆலை மதிப்பு ஏறுவதும் ஒரே நிகழ்வு என்பதால், தேவை மரத்திலும் அதே 0.578-தான் செல்லும். உண்மையில் ஆண்டுக்கு 4.8 சதவீதம் வளரும் தேவை, இடர்-நடுநிலைக் கண்ணில் 2.4 சதவீதம்தான் வளர்கிறது. தவறைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. செழிக்கும் காலத்தில் செழிக்கும் தொழிலில், இடர்-நடுநிலை எண் உண்மையான வாய்ப்பை விடக் குறைவாக இருக்க வேண்டும். 0.778 என்பது 0.711-ஐ விட அதிகம். அதைப் பார்த்த உடனே கணக்கை நிறுத்திவிட வேண்டும்.

நம் ஆலையைப் போலவே ஆடும் பங்கு சந்தையில் உண்மையில் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. டாம் கோப்லண்டும் விளாடிமிர் ஆன்டிகரோவும் 2001-இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: உரிமை ஏதும் இல்லாத அதே திட்டத்தின் நிகழ்கால மதிப்பையே, அது சந்தையில் விற்றால் கிடைக்கும் விலைக்குச் சிறந்த மதிப்பீடாக எடுத்துக்கொள்ளலாம். நம் 100 கோடி அப்படி வந்ததுதான். வழி நியாயமானது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் நிகர இன்றைய மதிப்பைக் கணக்கிடுபவர் எல்லோரும் ஏற்கெனவே அதைத்தான் நம்புகிறார்கள். ஆனால் அதனால் மரத்தின் முழுப் பாரமும் அந்த 100-இன் மீது இறங்குகிறது. அதைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டவர் உரிமையையும் தாராளமாகவே போட்டிருப்பார்.

அடுத்த பாரம் u, d இரண்டின் மீது. மதிப்பு ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆடும் என்ற அளவிலிருந்து அவை வருகின்றன, நம் 1.25 என்பது சுமார் 22 சதவீத ஆட்டம். u-வை 1.40 ஆக்கி, d-யை அதன் தலைகீழாக வைத்தால், அதாவது ஆட்டத்தைச் சுமார் 34 சதவீதமாக்கினால், உரிமை 9.73 கோடியாகிறது, திட்டம் மறுபடி லாபத்துக்கு வருகிறது. 1.15 ஆக்கினால் 4.57 கோடி, முன்னேற்பாட்டுச் செலவு இல்லாவிட்டாலும் நஷ்டம். படிகளின் எண்ணிக்கை இந்த அளவுக்குப் பெரிய விஷயம் அல்ல. படிகளை எல்லையில்லாமல் கூட்டினால் கிடைக்கும் பிளாக்-ஷோல்ஸ் விடை சுமார் 6.74 கோடி, நம் இரண்டே படி மரம் 6.87 என்றது. முனைகளை நூறாக்கி அழகு பார்ப்பதில் செலவிடும் நேரத்தை, நூல் விலைக்கும் பஞ்சு விலைக்கும் உள்ள இடைவெளி கடந்த ஆண்டுகளில் எவ்வளவு ஆடியது என்று பார்ப்பதில் செலவிடுவது மேல். அந்த ஆட்டம் சிறியதல்ல என்பதற்குத் தமிழக ஆலைகளே சாட்சி. 2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது; 2023 ஜூலையில் சிறிய, நடுத்தர ஆலைகள் கட்டுப்படியாகாமல் உற்பத்தி நிறுத்தத்தை அறிவித்தன.

இதுவரை ஆலை இரண்டு ஆண்டு கட்டுமானத்தில் இருந்ததால் பணம் எதுவும் வெளியே போகவில்லை. ஏற்கெனவே கட்டிய கொட்டகையை வாங்கி உடனே நூல் நூற்கத் தொடங்கினால் நிலைமை மாறும். ஒவ்வோர் ஆண்டும் மதிப்பில் 7 சதவீதம் லாபமாகக் கைக்கு வந்துவிடுகிறது என்போம். அந்தப் பணம் முதல் ஆலைக்குச் சொந்தமே தவிர, இன்னும் போடாத கதிர்களுக்குச் சொந்தமல்ல. மேல்முனையில் ஆலையின் மதிப்பு 156.25 அல்ல, பணம் எடுத்த பிறகு 135.14. பாதி 67.57, 55 போக 12.57. p மாறாது, ஏனென்றால் பணத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஏற்றமும் இறக்கமும் அதே அளவுதான். உரிமையின் மதிப்பு 3.73 கோடிக்கு விழுகிறது. காத்திருப்பதற்குக் கொடுக்கும் கூலி இது. இந்தக் கசிவை மறந்து எழுதிய விரிவாக்க மதிப்பீடுகள் ஏறத்தாழ எப்போதும் மிகையாகவே இருக்கும்.

கடைசியாக, நூற்பாலைக்கென்றே உள்ள ஒரு சிக்கல். பங்குச் சந்தை உரிமையில் 55 கோடி என்ற விலை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. இரண்டு ஆண்டு தொடர்ந்து தேவை ஏறியிருந்தால், அதே மேல்முனையில்தான் பக்கத்து ஆலைகளும் நிற்கும். எல்லாரும் ஒரே சமயத்தில் இயந்திரம் கேட்பார்கள். விலை ஏறும், கைக்கு வரும் நாள் தள்ளிப்போகும். அந்த முனையில் மட்டும் செலவு 62 கோடி என்று மாற்றினால் பலன் 16.125, உரிமையின் மதிப்பு 4.79 கோடி. அதோடு, எல்லாரும் கதிர்களைக் கூட்டினால் நூல் வரத்து பெருகி, 156.25 என்ற மதிப்பே நிலைக்காது. மரத்தில் இதைச் சேர்ப்பது கடினமல்ல. செலவையும் மதிப்பையும் முனைக்கு முனை தனியாக எழுதிக்கொண்டால் போதும். p-யும் பின்னோக்கிக் கழிக்கும் முறையும் அப்படியே இருக்கும். பங்குச் சந்தை வாய்பாட்டில் நேராக எண்களைப் போடுவதை விட மரத்தை நான் விரும்புவது இதற்காகவே. எந்த முனையில் என்ன நடக்கும் என்று நூல் வியாபாரம் தெரிந்தவர் விரல் வைத்துத் திருத்த முடிகிறது.

ஆலையின் இயக்குநர்கள் முன் வைக்க வேண்டிய தாளில் 6.87 என்ற எண்ணோடு இன்னொன்றும் இருக்க வேண்டும். விரிவாக்கம் கட்டுப்படியாக ஆலையின் மதிப்பு எவ்வளவு இருக்க வேண்டும்? செலவு 55 கோடி, கிடைப்பது பாதி. ஆக 110 கோடிக்கு மேல். செலவு 62 ஆனால் 124 கோடிக்கு மேல். இரண்டாம் ஆண்டின் முடிவில் மதிப்பு அந்தக் கோட்டைத் தொடாவிட்டால் நிலமும் அகலக் கொட்டகையும் சும்மா கிடக்கட்டும் என்று இன்றே எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும். மரத்தின் நடு முனையில் நாம் போட்ட பூஜ்யம், அங்கே போய் நிற்கும்போது ‘இவ்வளவு செலவழித்தாகிவிட்டதே’ என்று 50 கோடி மதிப்புக்கு 55 கோடி போடாமல் இருப்பவருக்கு மட்டுமே பூஜ்யமாக இருக்கும். போட்டுவிடுபவருக்கு அது கழித்தல் 5 கோடி. உண்மை வாய்ப்பில் அந்த முனைக்கு வந்து சேர 41 சதவீத இடம் இருக்கிறது.